ஆறாவது அத்தியாயத்தில் தடுமாறும் சொற்கள்

கேள்வி: இயந்திரக் கையேடு ஒன்றைச் செயற்கை நுண்ணறிவுச் செயலியின் துணையோடு தமிழாக்குகிறேன். ஐந்து அத்தியாயம் வரை நன்றாக வந்தது. ஆறாவதில், முன்பே முடிவு செய்த சொற்களை மாற்றி மாற்றிப் போடுகிறது. அதே உரையாடலில் தொடர்வதா, புதிதாகத் திறந்து எல்லாவற்றையும் ஒட்டுவதா?

பதில்: புதிதாகத் திறங்கள். ஆனால் எல்லாவற்றையும் ஒட்டாதீர்கள்.

நீங்கள் ஒவ்வொரு முறை எழுதும்போதும் அந்த உரையாடல் முழுவதும் செயலியை இயக்கும் மொழி மாதிரியின் முன் மீண்டும் வைக்கப்படுகிறது. அதற்கு ஓர் அளவு உண்டு. அளவு நிரம்பினால் சில செயலிகள் பழைய பகுதியை வெட்டிவிடும் அல்லது சுருக்கிவிடும். நிரம்பாவிட்டாலும், நீண்ட உரையாடலின் நடுவில் கிடக்கும் முடிவுகள் எளிதில் கவனம் தப்பும்.

உங்கள் சிக்கல் இதோடு நிற்கவில்லை என்று நினைக்கிறேன். valve என்பதற்கு அடைப்பிதழ், ஓரதர் இரண்டையும் தள்ளிவிட்டு ‘வால்வு’ என்று முடிவு செய்ததாக வைத்துக்கொள்வோம். (என் ஓட்டும் வால்வுக்குத்தான்.) தள்ளிய சொற்கள் பழைய வரைவுகளில் அப்படியே இருக்கின்றன. ‘அடைப்பிதழ் வேண்டாம்’ என்று பத்து முறை கண்டித்திருந்தால், அந்தச் சொல்லை நீங்களே இன்னும் பத்து முறை அதன் கண்ணில் காட்டியிருக்கிறீர்கள். பழைய உரையாடலை அப்படியே புதியதில் ஒட்டினால் இந்தக் குப்பையும் கூடவே வரும்.

ஆகவே முடிவான சொற்பட்டியல், ‘செய்யுங்கள்’ அல்ல ‘செய்யவும்’ என்பது போன்ற நடைக் குறிப்பு, நீங்கள் திருத்தி முடித்த ஒரு பத்தி அதன் மூலத்தோடு, பிறகு ஆறாம் அத்தியாயத்தின் மூலம்: இவை போதும். பட்டியலைத் தயாரிக்கும் வேலையைப் பழைய உரையாடலிடம் விட்டால், கைவிட்ட சொல்லையும் முடிவானது போல எழுதித் தரக்கூடும். உங்கள் இறுதிப் பிரதியோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். பழைய உரையாடலில் இணைத்த கோப்புகளையும் மீண்டும் இணைக்க வேண்டியிருக்கும்.

அத்தியாயத்துக்குள் திருத்தும்போது மட்டும் அதே உரையாடலில் இருங்கள். ‘மூன்றாம் பத்தியின் இரண்டாவது வாக்கியத்தை உடைக்கவும்’ என்பது அங்கேதான் பொருள்படும். புதிய இடத்தில் அதற்கு அரைப்பக்க விளக்கம் வேண்டும். ஒரு பதில் தடம் மாறினால் அதனோடு வாதாடாமல், செயலி அனுமதித்தால் உங்கள் முந்தைய செய்தியையே திருத்தி மறுபடி அனுப்புங்கள். தவறான பதில் மாதிரியின் முன் வைக்கப்படும் உரையாடலிலிருந்து விலகிவிடும். ஒரே திருத்தத்தை மூன்றாம் முறை சொல்ல நேர்ந்தால் இடம் மாறும் நேரம் வந்துவிட்டது.

புதிய உரையாடலில் ஆறாம் அத்தியாயத்தைத் தொடுவதற்கு முன், ஐந்தாம் அத்தியாயத்தின் ஒரு பத்தியின் மூலத்தை மட்டும் கொடுத்து மொழிபெயர்க்கச் சொல்லுங்கள். உங்கள் பிரதியோடு எந்தச் சொல் ஒத்துப்போகவில்லையோ, பட்டியலில் விடுபட்டது பெரும்பாலும் அதுதான்.