முகப்படத்தை கேன்வாஸுக்குத் தயார் செய்வது: கேள்வி பதில்

கேள்வி: ஓவியப் பாணியில் மாற்றிய முகப்படம், 1024 × 1536 பிக்சல். 16 × 24 அங்குல கேன்வாஸுக்காக ஃபோட்டோஷாப்பில் Resolution-ஐ அங்குலத்துக்கு 300 பிக்சல் என்று மாற்றிவிட்டேன். போதும்தானே?

பதில்: Resample டிக் இல்லாமல் மாற்றியிருந்தால் ஒரு பிக்சல்கூடக் கூடியிருக்காது. 300-இல் அந்தப் படம் ஏறக்குறைய 3.4 × 5.1 அங்குலம்தான். கேன்வாஸுக்கு அவ்வளவு தேவையும் இல்லை. துணியின் இழையே நுண்ணிய விவரங்களை விழுங்கிவிடும், அங்குலத்துக்கு 150 பிக்சல் போதும். ஆனால் சட்டத்தின் மேல் மடிக்க நாலு பக்கமும் 2 அங்குலம் சேருங்கள். மொத்தம் 20 × 28 அங்குலம், அதாவது 3000 × 4200 பிக்சல். மூன்று மடங்கு பெரிதாக்கினால் 3072 × 4608 கிடைக்கும், உயரத்தில் சுமார் 300 பிக்சலை வெட்டி எடுத்துவிட்டு, மீதியை 3000 × 4200-க்குக் குறைக்கலாம். வெட்டும் முன் உச்சந்தலையைப் பாருங்கள். அது ஓரத்தை ஒட்டியிருந்தால் முடி சட்டத்தின் பக்கவாட்டுக்குப் போய்விடும். அப்போது பின்னணியை வெளியே நீட்டி வரைவதுதான் வழி.

கேள்வி: நான் 100-லேயே அச்சிட்டேன், நன்றாகத்தான் வந்தது.

பதில்: தூரிகைத் தீற்றல் நிறைந்த படமென்றால் வரும். மெல்லிய கறுப்புக் கோடுகள் உள்ள படத்தில் அதே 100 படிக்கட்டு போலத் தெரியும். எல்லாப் படத்துக்கும் ஒரே எண் சொல்ல முடியாது.

கேள்வி: பெரிதாக்கும் மென்பொருளில் போட்டதும் கன்னம் மெழுகு மாதிரி ஆகிவிட்டது. ஷார்ப்பன் செய்தும் சரியாகவில்லை.

பதில்: ஷார்ப்பன் அதைக் கெடுக்கத்தான் செய்யும். புகைப்படத்துக்கான மாடல், தூரிகைத் தடங்களை இரைச்சல் என்று நினைத்து வழித்துவிடுகிறது. ஓவியத்துக்கான மாடல் இருந்தால் அதை எடுங்கள், இரைச்சல் நீக்கத்தைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். ஜேபெக் கட்டங்கள் இருந்தால் மட்டும் பெரிதாக்கும் முன்பே இலேசாக நீக்குங்கள், இல்லையென்றால் அவையும் சேர்ந்து பெரிதாகும். பிறகு அதே படத்தைச் சாதாரண பைக்யூபிக் முறையில் பெரிதாக்கி மேல் லேயராக வைத்து, மாஸ்க் போட்டுக் கன்னத்திலும் நெற்றியிலும் அதைத் தெரியவிடுங்கள். கண், உதட்டு விளிம்பு, முடி ஆகியவற்றுக்கு மட்டும் மாடலின் கூர்மை போதும். ஷார்ப்பன் கடைசி வேலை, இறுதி அளவுக்கு வந்தபின்.

கேள்வி: அச்சு என்றாலே சிஎம்ஒய்கே. மாற்றித்தான் அனுப்பினேன், ஊதாப் பின்னணி செத்துப்போய் வந்தது.

பதில்: ஆஃப்செட் அச்சுக்கு அது சரி. கேன்வாஸ் அச்சிடும் இங்க்ஜெட் இயந்திரங்கள் பெரும்பாலும் ஆர்ஜிபி கோப்பைத்தான் எதிர்பார்க்கின்றன. நீங்கள் முன்பே மாற்றியதால் நிறம் இரண்டு முறை சுருங்கியிருக்கும். அச்சகம் வேறு சொல்லாவிட்டால் Convert to Profile மூலம் sRGB-க்கு மாற்றி, ப்ரொஃபைலைக் கோப்போடு சேர்த்து அனுப்புங்கள். Assign Profile வேண்டாம், அது நிறத்தின் பொருளையே மாற்றிவிடும். அச்சகத்திடம் அந்தக் கேன்வாஸின் ஐசிசி கோப்பைக் கேட்டு வாங்கி, Proof Setup-இல் போட்டுப் பாருங்கள். ஊதா அங்கேயே மங்கினால் அது அந்த மையின் எல்லை. அந்த மையில் அது முழுதாக மீளாது, சாயலைச் சற்று நீலத்துக்குத் தள்ளிப் பார்க்கலாம்.

கேள்வி: என் பிரச்சினை நிறம் இல்லை, படம் முழுக்கவே இருட்டாக வருகிறது.

பதில்: திரையின் வெளிச்சம் அதிகமாக இருக்கும், சதுர மீட்டருக்கு 100 கேண்டெலாவுக்கு அருகே இறக்கிப் பாருங்கள். மேட் கேன்வாஸில் கறுப்பு ஆழமாக விழாது, அதனால் முடியின் நிழல்கள் ஒரே திட்டாகிவிடும். நிழலை மட்டும் Curves-இல் கொஞ்சம் தூக்குங்கள். முழுக் கேன்வாஸுக்குக் கொடுக்கும் முன் கண்ணும் முடியும் சேர்ந்த 8 அங்குலத் துண்டை நிஜ அளவிலேயே, அதே துணியில் அச்சிட்டுப் பார்த்துவிடுங்கள்.