நானும் மனைவியும் வேலைக்குப் போகிறோம், மட்டக்களப்பு டவுனில் மாடி வீடு. பாத்திரம் கழுவ டிஷ்வாஷர் வாங்குவதா, ஆள் வைப்பதா?

முதலில் ஒரு நாள் இரவு சாப்பிட்டு முடிந்ததும் சிங்கில் கிடப்பதை இரண்டாகப் பிரித்து வையுங்கள். மெஷினுக்குள் போகக்கூடியது ஒரு பக்கம், போகக்கூடாதது மறுபக்கம். பாதி விடை அதிலேயே தெரிந்துவிடும்.

நாங்களும் இரண்டு பேர்தான், கல்முனையில் இருக்கிறோம். எங்கள் குசினியில் ஒரு வேலைநாளில் சேர்வது இவ்வளவு: சோறாக்கிய அலுமினியப் பானை, மீன்குழம்பு வைத்த மண்சட்டி, சொதிச் சட்டி, சிரட்டை அகப்பை, கோப்பைகள், கிளாஸ்கள், இரண்டு சாப்பாட்டுப் பெட்டிகள். டிஷ்வாஷருக்குப் போடும் தூளும் வில்லையும் கையால் கழுவும் சவர்க்காரத்தை விடக் கடும் காரம். அலுமினியம் அதில் கறுத்துவிடும், தொட்டால் கையில் சாம்பல் நிறம் ஒட்டும். மண்சட்டி அந்தச் சவர்க்காரத் தண்ணீரை உறிஞ்சி வைத்திருந்து அடுத்த குழம்பில் விடும். அகப்பையின் மரக்காம்பு சில தடவையிலேயே வெடித்துவிடும். ஆக, தேய்த்துக் கை வலிக்கும் சாமான்கள் எல்லாம் வெளியே நிற்கின்றன. உள்ளே போவது கோப்பையும் கிளாஸும் பெட்டியும்தான். இரண்டு பேருக்கு அது மெஷினை நிரப்பாது. நிரம்பட்டும் என்று விட்டால், நம் ஊர் வெக்கையில் மீன் கோப்பை அடுத்த நாளே மணக்கத் தொடங்கும். சமையலை முழுக்க எவர்சில்வர் சட்டிக்கு மாற்றத் தயார் என்றால் கணக்கு வேறு. அப்போது பெரிய சட்டியும் உள்ளே போகும், தேங்காய்ப்பால் கொழுப்பும் சுடுதண்ணீரில் சுத்தமாகக் கழன்றுவிடும்.

அடுத்தது தண்ணீர். மெஷின் வாங்கிய பலர் மாட்டிக்கொள்வது இதில்தான். டாங்கி எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவுதான் அழுத்தம்: ஒரு மீற்றருக்கு 0.1 பார். நீங்கள் மேல்மாடியில் இருந்து, டாங்கி நேரே மொட்டை மாடியில் இருந்தால், உங்கள் பைப்புக்கு மேலே 3 மீற்றர்தான் இருக்கும், அதாவது 0.3 பார். மெஷினின் கையேட்டில் குறைந்தபட்ச அழுத்தம் எழுதியிருக்கும். பலவற்றுக்கு 0.5 வேண்டும். குறைந்தால் மெஷின் தண்ணீர் எடுக்கத் தொடங்கி, பாதியில் நின்று, தண்ணீர்க் கோளாறு என்று காட்டும். மெஷின் பழுது என்று ஆளைக் கூப்பிடுவோம், ஆனால் பழுது மெஷினில் இல்லை. வாங்க முதல், 10 லீற்றர் வாளி ஒன்றைக் குசினிப் பைப்பின் கீழே வைத்துத் திறந்துவிடுங்கள். ஒரு நிமிடத்துக்குள் நிரம்பினால் பயமில்லை. நிரம்பாவிட்டால் அழுத்த பம்ப் ஒன்றும் வேண்டும், அதற்கு வீட்டுக்காரரின் சம்மதமும் வேண்டும்.

சபைத் தண்ணீரா, கிணற்றுத் தண்ணீரா என்பதையும் பாருங்கள். கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிறது என்றால் தண்ணீர் கடினமானது. அதை மென்மையாக்க மெஷினுக்குள் தனி உப்புத் தொட்டி இருக்கும், அது இல்லாத மெஷினை அந்தத் தண்ணீருக்கு வாங்காதீர்கள். கறிக்குப் போடும் தூள் உப்பை அதில் கொட்டக் கூடாது, அடைத்துவிடும். கிளாஸில் வெண்மை படிந்தால் வினாகிரியால் துடைத்துப் பாருங்கள்: போனால் கடினத் தண்ணீரின் படிவு, போகாவிட்டால் கண்ணாடியே அரிபட்டிருக்கிறது. வாவிப் பக்கக் கிணறுகளில் வருகிற உவரை மட்டும் அந்தத் தொட்டி நீக்காது. அப்படித் தண்ணீர் என்றால் மெஷின் யோசனையையே விடுங்கள்.

மண்சட்டிச் சமையலை விட மனமில்லை, மேல்மாடி வீடு என்றால் நான் ஆள் வைக்கத்தான் சொல்வேன். நாங்களும் அதைத்தான் செய்கிறோம். ஆனால் அதில் நியாயமாக நடக்க வேண்டும். கழுவுவதற்கு என்று கூப்பிட்டால் கழுவுவது மட்டும்தான் வேலை. பிறகு கூட்டுவதையும் உடுப்புத் துவைப்பதையும் அதே காசில் சேர்க்கக் கூடாது. நாள் கூலி வேண்டாம், மாதச் சம்பளம் பேசுங்கள். நீங்கள் ஊருக்குப் போகும் நாட்களுக்கும், அவருக்குக் காய்ச்சல் என்று நிற்கும் நாளுக்கும், பெருநாளுக்கும் அதில் வெட்டு விழக் கூடாது. நேரத்தை அவரிடமே கேளுங்கள். பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பும் தாய்க்குக் காலை ஆறு மணி ஒத்து வராது. எங்களிடம் வரும் அக்கா பின்னேரம் நாங்கள் வேலையால் வந்த பிறகு வந்து ஒரு மணித்தியாலத்தில் முடித்துவிடுகிறார், அதனால் சாவி கொடுக்கும் பிரச்சினையும் இல்லை. முதல் நாள் இரவே பானையில் தண்ணீர் ஊற்றி, சட்டியின் எண்ணெயை வழித்து வைப்பது எங்கள் வேலை. அவர் தேநீர் குடிப்பதும் நாங்கள் குடிக்கும் அதே கிளாஸில்தான். தனிக் கிளாஸ் வைக்கும் பழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால், ஆள் வைக்க முதல் அதை விடுங்கள்.