கடையைப் பற்றி "திருட்டுக் கடை" என்று எழுதலாமா?

மதுரை சிம்மக்கல் பக்கம் பைக் சர்வீஸ் விட்டேன். செயின் மாற்றாமலே மாற்றியதாகப் பணம் வாங்கிவிட்டார்கள். பெயர் போட்டு "திருட்டுக் கடை" என்று எழுதினால் வழக்கு வருமா?

வரலாம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவின்படி அவதூறு குற்றமாகும். குற்றவியல் வழக்கில், சொன்னது உண்மை என்பதோடு அதை வெளியிட்டது பொதுநன்மைக்காக என்றும் காட்ட வேண்டியிருக்கும். "திருட்டு" என்ற சொல் கடைக்காரரின் எண்ணத்தைக் குற்றம் சாட்டுகிறது. அதை நிரூபிப்பது கடினம், ஏனெனில் பில் எழுதியவர் தவறிப் போட்டிருக்கவும் கூடும். ஆகவே, "பில்லில் புதிய செயினுக்கு 1,200 ரூபாய் போட்டிருந்தது, வண்டியில் பழைய செயினே இருந்தது, கேட்டும் விளக்கம் கிடைக்கவில்லை" என்று, கண்டதை மட்டும் தேதியுடன் எழுதுங்கள். பில்லையும், துருவேறிய செயினைக் கடையை விட்டு வந்த அன்றே எடுத்த படத்தையும் பத்திரப்படுத்துங்கள். மெக்கானிக் பையனின் முகம் அதில் வேண்டாம். "இனி அங்கு போகமாட்டேன்" என்பது கருத்து, தாராளமாகச் சொல்லலாம். பணத்தைத் திருப்பித் தந்துவிட்டால் அதையும் சேர்த்துவிடுங்கள்.