ஜாதகம் பார்த்தபின் அனுப்பும் கடிதம்

கேள்வி: ஜாதகம் பார்த்துப் போனவருக்குச் சொன்ன பலனைச் சுருக்கிக் கடிதமாக அனுப்ப நினைக்கிறேன். என்ன எழுதுவது? மறுபடி எப்போது வரச் சொல்வது?

முதல் பத்தியில் பலனே வேண்டாம். எதை வைத்துக் கணித்தீர்கள் என்று எழுதுங்கள்: பிறந்த தேதி, நேரம், ஊர், லக்னம், நட்சத்திர பாதம், எந்தப் பஞ்சாங்கம். கும்ப ராசிக்காரருக்குத் திருக்கணிதப்படி 29.3.2025 அன்றே ஜென்மச் சனி முடிந்து பாதச் சனி தொடங்கிவிட்டது, வாக்கியப்படி 6.3.2026 வரை ஜென்மச் சனிதான். இதைச் சொல்லாமல் விட்டால், வேறொருவரிடம் காட்டியதும் "நீங்க தப்பாச் சொல்லிட்டீங்க" என்று போன் வரும்.

அடுத்தது கேட்ட கேள்விக்கு மட்டும் பதில். கல்லூரிக் கடைசி ஆண்டு மாணவர், தனுசு லக்னம், சதயம் முதல் பாதம், ஜூலையில் வந்து வேலை பற்றிக் கேட்டார் என்று வைத்துக்கொள்வோம். குரு தசையில் சனி புக்தி, ஆகஸ்ட் 14 வரை சனி அந்தரம். கடிதம் இப்படி இருக்கலாம்:

"பத்தாம் அதிபதி புதன் பதினொன்றில் இருக்கிறார். அவருடைய அந்தரம் ஆகஸ்ட் 14 முதல் டிசம்பர் 23 வரை. கேம்பஸ் இன்டர்வியூவுக்கு இந்தக் காலம் சாதகம் என்பது என் கணிப்பு. பிறந்த நேரத்தைத் தோராயமாகச் சொன்னதால் தேதிகள் முன்பின் ஆகலாம். வந்த அழைப்புகளைத் தேதியோடு குறித்து வையுங்கள். விருப்பமிருந்தால் அக்டோபர் மூன்றாம் வாரம் பார்ப்போம்."

ஏன் அக்டோபர்? சதயத்தில் பிறந்தவருக்கு ராகு தசை இருப்பு பதினெட்டு வருடக் கணக்கில் வருகிறது. சந்திரன் ஒரு நட்சத்திரத்தைக் கடக்க ஏறத்தாழ ஒரு நாள். அதனால் பிறந்த நேரம் பத்து நிமிடம் பிசகினால், பின்னால் வரும் எல்லாத் தேதியும் சுமார் 45 நாள் நகரும். புதன் அந்தரம் அந்த அளவு முன்னே போனாலும் பின்னே போனாலும், அக்டோபர் மூன்றாம் வாரம் அதற்குள்ளேயே இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு "ஆறு மாசம் கழிச்சு வாங்க" என்றால் அந்தரமே முடிந்திருக்கும், சரிபார்க்க எதுவும் மிஞ்சாது.

மறுபடி வரும்போது அவர் குறித்த தேதிகளை வைத்துப் பிறந்த நேரத்தையும் ஓரளவு சோதிக்கலாம். அழைப்பெல்லாம் ஜூலையிலேயே குவிந்திருந்தால் நேரம் சந்தேகத்துக்குரியது. ஒரே ஒரு சம்பவத்தை வைத்து மட்டும் திருத்தாதீர்கள்.

ஆயுள், நோய், வீட்டு ரகசியம் எதுவும் எழுத்தில் போக வேண்டாம். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அன்று சாயங்காலமே சித்தப்பா வரை போய்விடும். பரிகாரம் சொல்லியிருந்தால் ஒரு வரி போதும். செலவு வைக்கும் பரிகாரத்தையும் மறு சந்திப்பையும் அடுத்தடுத்து எழுதினால் வசூல் கடிதம் மாதிரி ஆகிவிடும். மறு சந்திப்புக்குக் கட்டணம் உண்டென்றால் தொகையை இப்போதே எழுதிவிடுங்கள்.