எல்லா வசனமும் ஐந்து சொல்லா?

கேள்வி: என் கட்டுரையில் ஒரு இலக்கணப் பிழையும் இல்லை. ஆனாலும் வாசித்துப் பார்த்த மகள், "மெஷின் எழுதினது மாதிரி இருக்குது அப்பா" என்கிறாள். ஏன்?
– வாசகர், வெள்ளவத்தை

பதில்: மகள் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். நீங்கள் அனுப்பிய பந்தி இது:

"மழை காலையிலேயே பலமாகப் பெய்யத் தொடங்கியது. புறக்கோட்டைச் சந்தையில் கூட்டம் வேகமாகக் குறைந்தது. வியாபாரிகள் மரக்கறிகளைப் படங்கால் அவசரமாக மூடினார்கள். நான் பஸ்சுக்காக நனைந்தபடி நெடுநேரம் காத்திருந்தேன். பஸ் கடைசிவரை அந்தப் பக்கம் வரவில்லை."

எண்ணிப் பாருங்கள். ஐந்து வசனம், ஒவ்வொன்றிலும் ஐந்து சொல். தமிழில் வினைமுற்று பெரும்பாலும் கடைசியில்தான் வரும். அதனால் நீளமும் ஒன்றாகிவிட்டால், ஒவ்வொரு ஐந்தாம் சொல்லிலும் ஒரு வினைமுற்று, ஒரு முற்றுப்புள்ளி, ஒரு மூச்சு என்று காதில் தட்டிக்கொண்டே இருக்கும். இதைவிடப் பெரிய கெடுதி வேறொன்று. படங்கால் மூடியதற்கும் பஸ் வராததற்கும் ஒரே அளவு இடம் கொடுத்திருக்கிறீர்கள். இவர் எதைச் சொல்ல வந்தார் என்று வாசகருக்குத் தெரியாது.

உங்களுக்கு முக்கியம் பஸ் வராததுதானே? அப்படியென்றால் மற்றதெல்லாம் ஒரே மூச்சில் அதை நோக்கி ஓடட்டும்:

"மழை காலையிலேயே பிடித்துக்கொள்ள, புறக்கோட்டைச் சந்தை கலைய, வியாபாரிகள் மரக்கறிகளைப் படங்கால் மூடிவிட்டு ஒதுங்கிய பிறகும் நான் மட்டும் நனைந்தபடி நின்றேன். பஸ் வரவில்லை."

இரண்டாவது வசனத்தில் இரண்டே சொல். முன்னால் நீளமாக ஓடிவந்ததால்தான் அது உறைக்கிறது. 'அவசரமாக', 'நெடுநேரம்', 'கடைசிவரை' எல்லாம் தானாகவே உதிர்ந்துவிட்டன, கவனித்தீர்களா? ஐந்து சொல் கணக்கை நிரப்பத்தான் அவை வந்திருந்தன.

நீட்டும்போது ஓர் இடத்தில் சறுக்கும். எழுவாய் மாறினால் 'கலைய', 'பிடித்துக்கொள்ள' போன்ற எச்சம் தாங்கும், 'மூடிவிட்டு' தாங்காது. "வியாபாரிகள் மூடிவிட்டு நான் நின்றேன்" என்று எழுதினால் மூடியது யார் என்று குழம்பும். அதற்காகத்தான் 'ஒதுங்கிய பிறகும்' என்று ஒரு பாலம் போட்டேன்.

சரி, இனி நீளம் ஒன்று, குட்டை ஒன்று என்று மாற்றி மாற்றி எழுதலாமா? வேண்டாம், அதுவும் மெஷின்தான், பல்லு இரண்டு வைத்த மெஷின். விஷயம் கனக்கும் இடத்தில் மட்டும் குறுக்குங்கள். "சந்தையில் கூட்டம் இல்லை" என்பதற்கெல்லாம் தனி வசனம் போட்டு அதிரவைக்காதீர்கள். மரண அறிவித்தல், சமையல் குறிப்பு போன்றவற்றில் வசனங்கள் ஒரே அளவாக இருந்தாலும் குற்றமில்லை. அங்கே வாசகருக்குத் தகவல்தான் வேண்டும்.

எழுதி முடித்ததும் ஒவ்வொரு வசனத்தின் சொல்லையும் எண்ணி ஓரத்தில் குறியுங்கள். ஒரே எண் மூன்று தரம் தொடர்ந்து வந்தால், அந்த இடத்தை வாய்விட்டு வாசியுங்கள். உங்கள் கட்டுரையின் இரண்டாம் பக்கம் முழுக்க ஐந்தும் ஆறும்தான். அதைத் திருத்தி அனுப்புங்கள், பிறகு பிரசுரத்தைப் பற்றிப் பேசுவோம்.