டர்பன் சாட்ஸ்வர்த்தில் எங்கள் தெருவுக்குத் தண்ணீர் விடும் நேரத்தை மாற்றிவிட்டார்கள். அக்கம்பக்கத்தாருக்கு வாட்ஸப் வீடியோ போட வேண்டும். அதில் என்ன சொல்லலாம்?

நானும் சாட்ஸ்வர்த்தில்தான் இருக்கிறேன். எங்கள் தெருவுக்கான வீடியோவை நான்தான் எடுக்கிறேன். ஒன்று மட்டும் கேளுங்கள்: அறிவிப்பில் உள்ள நேரத்தை அப்படியே வாசித்துவிடாதீர்கள். அது வால்வைத் திறக்கும் நேரம். வீட்டுக் குழாயில் தண்ணீர் வரும் நேரம் வேறு.

நம் தெருக்கள் மேடும் பள்ளமுமானவை. காலியான குழாயில் முதலில் பள்ளம்தான் நிரம்பும். அங்கே எல்லோரும் ஒரே சமயத்தில் பிடிக்க ஆரம்பித்தால் அழுத்தம் ஏறாது, மேட்டு வீட்டுக் குழாயில் வெறும் காற்றுதான் வரும். அதனால் வீடியோ எடுக்கும் முன், பள்ளத்தில் ஒரு வீடு, மேட்டில் ஒரு வீடு என்று இரண்டு நாள் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். உதாரணமாக, காலை 4 மணிக்கு வால்வு திறந்தால் கீழே 4:20, மேலே 5:30 என்று வரலாம். இரண்டையும் சொல்லுங்கள். 8 மணிக்கு அடைத்ததும் முதலில் வற்றுவது மேட்டு வீடுதான். ஆகவே கீழே இருப்பவர்கள் குடிநீரை மட்டும் முதலில் பிடித்துக்கொண்டு, பெரிய தொட்டியை 6 மணிக்கு மேல் நிரப்பும்படி கேட்டுக்கொள்ளுங்கள். மேட்டில் இருக்கும் வயதான ஆயாக்களுக்கு அது பெரிய உதவி.

நம் ஊர் அறிவிப்புகளில் 04h00 என்று இருக்கும். 'விடியற்காலை நாலு மணி' என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். நள்ளிரவு என்றால் எந்த நாளோடு சேர்ந்தது என்பதையும் சொல்லுங்கள். தெருப் பெயர், தேதி, எதுவரை செல்லும் என்பது முதல் காட்சியிலேயே பெரிய எழுத்தில் வரட்டும். இல்லாவிட்டால் பழைய வீடியோ மாதக்கணக்கில் சுற்றும். ஆங்கிலத்தோடு ஸூலுவிலும் சொன்னால் பக்கத்து வீட்டார் எல்லோருக்கும் போய்ச் சேரும்.

அப்புறம் சேமிப்பு. காலையில் மட்டும் தண்ணீர் என்றால் 20 மணி நேரம் தாக்குப்பிடிக்க வேண்டும். நாலு பேருக்குக் குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு 5 லிட்டர் என்று வைத்தால், மூடியுள்ள 25 லிட்டர் கேன் ஒன்று போதும். தண்ணீரைத் தின்பது கழிப்பறைதான். பழைய ஃப்ளஷ் ஒரு தடவைக்கு 9 லிட்டரோ அதற்கு மேலோ எடுக்கும். எட்டுத் தடவை என்றால் குறைந்தது 72 லிட்டர். அதற்குக் குளித்த, துணி அலசிய தண்ணீரைத் தனி வாளியில் பிடித்து வைக்கச் சொல்லுங்கள்.

முதலில் வரும் தண்ணீர் பழுப்பாக இருந்தால் அதுவும் அந்த வாளிக்கே போகட்டும். தெளிந்த பிறகு கேனில் பிடிக்கலாம். கேன் சுத்தமாக இருந்தால் குழாய்த் தண்ணீரில் எதுவும் கலக்க வேண்டாம். சந்தேகமாக இருந்தால், வாசனை சேர்க்காத சாதாரண ப்ளீச் ஒரு டீஸ்பூனை 25 லிட்டருக்குக் கலந்து, இரண்டு மணி நேரம் கழித்துக் குடிக்கலாம்.

தண்ணீர் நின்றதும் எல்லாக் குழாய்களையும் திருகி மூடச் சொல்லுங்கள். தண்ணீர் இல்லாதபோது திறந்து பார்த்துவிட்டு அப்படியே விட்டால், விடியற்காலையில் எல்லோரும் தூங்கும்போது வீட்டுக்குள் தண்ணீர் ஓடும்.