A, D இரண்டையும் சேர்த்து அழுத்தினால் யார் சொல்வதை கேம் கேட்கும்?

கேள்வி: கவுன்டர்-ஸ்ட்ரைக் 2-ல் A, D இரண்டும் ஒன்றாக அழுந்தினால் என் ஆள் நின்றுவிடுகிறான். நண்பன் கீபோர்டில் அப்படி ஆவதில்லை. என் கீபோர்டில் கோளாறா?

கோளாறு இல்லை. A இடப்பக்கம், D வலப்பக்கம்; இந்த கேமின் கணக்கே வலது கழித்தல் இடது. இரண்டும் அழுந்தியிருந்தால் விடை பூஜ்யம். நண்பனுடையது ஸ்னாப் டேப் போன்ற வசதி உள்ள கீபோர்டாக இருக்கும். D அழுத்தியதும், விரல் எடுக்காத A-வை விட்டுவிட்டதாக அது கணினிக்குச் சொல்லிவிடும். கடைசியாக அழுத்தியதற்கே முன்னுரிமை என்பது அதன் விதி. D-யை விட்டால் A தானாகத் திரும்ப வரும்.

இதனால் என்ன ஆகிறது என்றால், ஏகே-47 வைத்து ஓடும்போது வேகம் 215. அதில் 34 சதவீதத்துக்கு, அதாவது 73-க்குக் கீழே இறங்கினால்தான் முதல் குண்டு நேராகப் போகும். எந்தச் சாவியும் இல்லாமல் உராய்வை மட்டும் நம்பினால் (`sv_friction 5.2`) அதற்கு ஏறத்தாழ 0.2 நொடி ஆகும். எதிர்ச்சாவியைத் தட்டினால் 0.1 நொடிக்குள் முடியும்.

இடப்பக்கம் ஓடிக்கொண்டிருக்கிறீர்கள், D அழுந்திவிட்டது, A-விலிருந்து விரலை எடுக்க 30 மில்லிநொடி தாமதம் என்று வைத்துக்கொள்வோம். அந்த நேரத்தில் விடை பூஜ்யம், உராய்வு மட்டுமே வேலை செய்கிறது. வேகம் 184 வரைதான் இறங்கும். எதிர்ச்சாவி முழுதாக வேலை செய்திருந்தால் 150-க்குப் பக்கத்தில் வந்திருக்கும். A-வை முன்னதாகவே விட்டு, D-யை 30 மில்லிநொடி கழித்து அழுத்தினாலும் இதே நஷ்டம்தான். பலரும் சாவிகள் சேர்ந்து அழுந்துவதை மட்டும் திருத்திக்கொண்டு, நடுவே விழும் இடைவெளியைக் கவனிப்பதே இல்லை.

"விரல் பழகாதவன் சொல்லும் சாக்கு" என்று சிலர் வருவார்கள். விரல் பழகட்டும், நல்லது. ஆனால் அந்தத் துல்லியத்தை ஒருவருக்குக் கீபோர்டே செய்து கொடுத்தால் அது சமமான போட்டி இல்லை. 2024 ஆகஸ்டில் வால்வ் தன் அதிகாரபூர்வ சர்வர்களில் இதைத் தடை செய்தது. கண்டுபிடித்தால் ஆட்டத்திலிருந்து வெளியேற்றும். நண்பனிடம் அதை அணைத்துவைக்கச் சொல்லுங்கள்.

யார் முடிவெடுக்கிறார்கள் என்று பார்க்க, கீபோர்டு டெஸ்டர் பக்கம் ஒன்றைத் திறந்து A-வைப் பிடித்தபடியே D-யை அழுத்துங்கள். அந்தப் பக்கத்தில் A-வின் விளக்கு அணைந்தால் தீர்ப்பு கீபோர்டுடையது. இரண்டும் எரிந்தால் தீர்ப்பு கேமுடையது. வேறு கேம்களில் இதையே ஆட்டத்துக்குள் செய்து பாருங்கள். ஆள் நின்றால் நடுநிலை விதி, வலப்பக்கம் திரும்பினால் கடைசிச் சாவி விதி, இடப்பக்கமே போனால் முதல் சாவி விதி.

எந்த விதி என்று கீபோர்டுப் பெட்டியில் அச்சிட்டு விற்றால் என்ன குறைந்துவிடும் என்று தெரியவில்லை. விளக்கு எத்தனை நிறத்தில் எரியும் என்பதை மட்டும் பெரிதாகப் போடுகிறார்கள். வாங்கியதும் கீபோர்டின் மென்பொருளில் இந்த வசதி ஆன் ஆகி இருக்கிறதா என்று நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.